மூணு வட்டிக்காரரும் நாலு வட்டி கார்டும்: ஆறு கடன், மாதம் 3,000 ரூபாய் மிச்சம்

தம்பி வீட்டில் எல்லாரும் பயந்தது, நூறு ரூபாய்க்கு மாதம் மூணு ரூபாய் வாங்கும் மூணு வட்டிக்காரருக்குத்தான். மாதம் பிறந்தால் அவர் வண்டிச் சத்தம் கேட்கும், வாசலில் நின்று 900 ரூபாய் வாங்கிக்கொண்டு போவார், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள். கிரெடிட் கார்டைப் பற்றி யாரும் பேசவே இல்லை, ஏனென்றால் அது வாசலுக்கு வருவதில்லை. நான் அவன் ஸ்டேட்மென்டை வாங்கிப் பார்த்தபோது மாத வட்டி 3.5 சதவீதம் என்று போட்டிருந்தது. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, கொஞ்சம் கீழே தனியாக. சேர்த்தால் நூறு ரூபாய்க்கு மாதம் 4.13. "டேய், இவன் நாலு வட்டிக்காரன்டா" என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம், பல கடன்களை எந்த வரிசையில் அடைப்பது என்று கேட்டு வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவள், அதனால் உறவில் யாருக்குக் கடன் முட்டினாலும் நோட்டோடு என்னிடம்தான் வருவார்கள். தம்பி என்றால் சித்தி மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் மனைவி ஓவர்லாக் டெய்லர், அவளுக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். இருவர் வருமானமும் சேர்த்து மாதம் சுமார் 38,000. வாடகை, சாப்பாடு, பிள்ளை படிப்பு என்று 24,000 போய்விடும்.

மீதி 14,000. அதில் 11,000 ஏற்கெனவே கடன்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. கையில் உண்மையாக மிச்சம் 3,000 மட்டும்.

கடன்கள் ஆறு. ஃபிரிட்ஜ் வாங்கிய தவணையில் பாக்கி 9,000, மாதம் 1,500 வீதம் ஆறு தவணை, வட்டி கிடையாது. மச்சானிடம் வாங்கிய கைமாத்து 12,000, வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை, ஆனால் ஒவ்வொரு விசேஷத்திலும் மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டும். மூணு வட்டிக்கு 30,000, மாதம் 900 வட்டி மட்டும், அசல் அப்படியே. நகைக்கடன் 40,000, வருடம் 9 சதவீதம், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக அந்த மாதம்தான் வைத்திருந்தார்கள்; வருடக் கடைசியில் வட்டி கட்ட மாதம் 300 எடுத்துவைக்கச் சொன்னேன். கார்டில் 60,000, அதற்கு 3,500 கட்டிக்கொண்டிருந்தான். கடைசியாக பர்சனல் லோன், அசலில் சுமார் 91,000 பாக்கி, 16 சதவீதம், மாதம் 4,800 வீதம் இன்னும் 22 தவணை.

இப்போது அந்த 3,000-ஐ எதில் போடுவது?

இதற்கு இரண்டு பெயர் பெற்ற வழிகள் உண்டு. ஒன்று ஸ்னோபால், பனிப்பந்து. எல்லாக் கடனுக்கும் கட்டாயத் தொகையைக் கட்டிக்கொண்டு, மிச்சத்தை முழுக்க ஆகச் சின்னக் கடனில் போட்டு முடிப்பது, அது முடிந்ததும் அதன் தவணைப் பணத்தையும் சேர்த்து அடுத்த சின்னதில் போடுவது. வட்டி எவ்வளவு என்று பார்ப்பதில்லை. இன்னொன்று அவலாஞ்ச், பனிச்சரிவு. அதே உருட்டல்தான், ஆனால் ஆக அதிக வட்டியில் தொடங்கி இறங்குவது. பனியையே பார்க்காத ஊரில் இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தம்பி மனைவி கேட்டாள். அதனால் நாங்கள் 'சின்னது முதல்', 'வட்டி முதல்' என்றே பேசிக்கொண்டோம்.

வரிசை போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எல்லா வட்டியையும் ஒரே பாஷைக்குக் கொண்டுவர வேண்டும். கார்டுக்காரன் மாதக் கணக்கில் சொல்வான், பேங்க் வருடக் கணக்கில் சொல்லும், வட்டிக்காரர் நூற்றுக்கு இவ்வளவு என்பார். நான் எல்லாவற்றையும் நம் ஊர் வட்டிக்கு மாற்றி எழுதினேன்: கார்டு நாலு வட்டிக்கு மேல், வட்டிக்காரர் மூணு, பர்சனல் லோன் ஒன்றேகாலுக்குச் சற்று மேல், நகை முக்கால், ஃபிரிட்ஜும் மச்சானும் பூஜ்யம். தவணைக் கடன் என்றால், முதலில் வாங்கிய முழுத் தொகை மேலேயே கடைசிவரை கணக்காகும் ஃபிளாட் வட்டியா, குறையும் அசல் மேல் வட்டியா என்றும் கேட்க வேண்டும். இரண்டு வருடக் கடனில் 12 சதவீதம் ஃபிளாட் என்றால் உண்மையில் அது 21 சதவீதத்தையும் தாண்டும். தம்பியின் லோன் நல்லவேளையாகக் குறையும் அசல் வகை.

அடுத்து, எந்தக் கடன் உபரிப் பணத்தை வாங்கிக்கொள்ளும்? பர்சனல் லோன் ஒப்பந்தத்தைப் படித்தால், பகுதியாகக் கட்ட முடியாது, மொத்தமாக முடித்தால் 4 சதவீதக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும். ஆக மாதம் 3,000 மிச்சம் உள்ளவனுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. அது எந்த வரிசையிலும் சேராது, 22 மாதம் தானாக ஓடி முடியும். இதைப் பார்க்காமல் போடும் வரிசை தாளில்தான் நிற்கும்.

நான் கணக்குப் போட்டது சாதாரண ஷீட்டில்தான். ஒரு கடனுக்கு இரண்டு நெடுவரிசை, மாதத்துக்கு ஒரு வரி. B2-வில் போன மாத பாக்கி, C2-வில் இந்த மாதம் கட்டுவது, B3-இல் இந்தச் சூத்திரம்:

```
=ROUND(B2*1.0413-C2,2)
```

வேறு கடனுக்கு 1.0413-க்குப் பதில் 1.03 அல்லது 1.0075. ஒரே நிபந்தனை, எல்லா மாதமும் மொத்தம் 14,000-ஆகவே இருக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பல பேர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். ஒரு கடன் முடிந்ததும் அதன் தவணை வீட்டுச் செலவில் கரைந்துவிடும், பிறகு இரண்டு முறையுமே வேலை செய்யாது.

சின்னது முதல் என்று போட்டால் வரிசை இப்படி வருகிறது: ஃபிரிட்ஜ், மச்சான், மூணு வட்டி, நகை, கார்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இரண்டாம் மாதம் ஃபிரிட்ஜ் முடியும், ஐந்தாம் மாதம் மச்சான் முடிவார், பதினொன்றாம் மாதம் வட்டிக்காரர் வாசலுக்கு வருவது நிற்கும். அப்புறம்தான் கோளாறு. 12-ஆம் மாதத்திலிருந்து 19-ஆம் மாதம் வரை உபரிப் பணமெல்லாம் முக்கால் வட்டி நகையை மீட்கப் போகிறது, நாலு வட்டி கார்டு பழைய 3,500-இலேயே கிடக்கிறது, ஏனென்றால் நகைக்கடன் 40,000, கார்டு 60,000. 18 மாதம் முடியும்போது கார்டுக்கு 63,000 கட்டியிருப்பான். பாக்கி இன்னும் 33,500 இருக்கும். 60,000 கடனுக்கு 63,000 கட்டிய பிறகு. 23-ஆம் மாதம்தான் கார்டு முடியும். பர்சனல் லோனை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் வட்டி சுமார் 52,100.

வட்டி முதல் என்று போட்டால் கார்டுக்கு முதல் ஆறு மாதம் 6,500, ஃபிரிட்ஜ் தானாக முடிந்த பிறகு 8,000. பதினொன்றாம் மாதம் கார்டு முடியும், பதினைந்தில் வட்டிக்காரர், பத்தொன்பதில் நகை, இருபதில் மச்சான் (29 ரூபாய் மட்டும் அடுத்த மாதத்துக்கு நிற்கிறது, அதை மச்சான் மன்னித்துவிடுவார்). வட்டி சுமார் 33,000.

வித்தியாசம் 19,000 ரூபாய். தம்பி வீட்டின் ஆறு மாத உபரிப் பணம் அது. வட்டி விகிதங்கள் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் இவ்வளவு வராது. நம் வீடுகளில் ஒரே பீரோவுக்குள் முக்கால் வட்டியும் நாலு வட்டியும் சேர்ந்து கிடக்கின்றன, அதுவும் குறைந்த வட்டி நகைக்கடன் பெரும்பாலும் நடுத்தரத் தொகையாக இருக்கும், அதனால்தான் சின்னது முதல் முறை இங்கே இப்படி வழுக்குகிறது.

சின்னது முதல் முறைக்காரர்கள் சும்மா சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2012-இல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் ரிசர்ச் இதழில் டேவிட் கேலும் பிளேக்லி மெக்ஷேனும் எழுதிய ஆய்வில், அமெரிக்காவில் கடன் தீர்வுத் திட்டத்தில் இருந்தவர்களைப் பார்த்தார்கள். அடைத்த தொகையை விட, எத்தனை கணக்குகளை முடித்திருந்தார்கள் என்பதே யார் கடைசிவரை நின்று அடைத்தார்கள் என்பதைக் காட்டியது. ஒரு கடன் முடிந்தது என்ற உணர்வுக்குப் பலம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது பேசித் தொகையைக் குறைத்துக் கட்டும் திட்டத்தில் இருந்தவர்களின் பதிவேடு, மாதா மாதம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும் தம்பியின் நிலை வேறு. அதோடு ஒரு கணக்கு முடிந்த சந்தோஷம் தம்பிக்கு எப்படியும் ஆறாம் மாதம் வரத்தான் போகிறது, ஃபிரிட்ஜ் தவணை தானே முடிவதால். அதை இரண்டாம் மாதத்துக்கு இழுத்து வர நாலு வட்டியை ஓடவிடுவானேன்?

இன்னொரு நியாயமும் சொல்வார்கள். சின்னக் கடன்கள் முடிந்தால் கட்டாயத் தவணை குறையும், வேலை போனால் மூச்சு விடலாம் என்று. இதையும் மாதம் மாதமாகப் பார்த்தேன். இரண்டாம் மாதம் முடிவிலிருந்து ஆறாம் மாதம் முடிவு வரை உண்மைதான், சின்னது முதல் என்றால் கட்டாயம் 9,500, வட்டி முதல் என்றால் 11,000. ஆறாம் மாதத்துக்குப் பிறகு இரண்டும் சமம். பதினொன்றாம் மாத முடிவில் தலைகீழ்: சின்னது முதல் என்றால் 8,600, வட்டி முதல் என்றால் கார்டு போய்விட்டதால் 6,000 மட்டும். நாலு மாத நிம்மதிதான் அந்த வாதத்தின் மொத்த நீளம்.

இத்தனையும் சொன்ன பிறகு தம்பி மெதுவாகச் சொன்னான்: "கணக்கெல்லாம் சரிங்க்கா. ஆனா மச்சான் காசை மட்டும் முதல்ல குடுத்துரலாம். இருபது மாசம் எப்படிங்க்கா அவர் மூஞ்சில முழிக்கிறது?"

கணக்குக்கு வெளியே இருப்பதெல்லாம் தேவையில்லாதது என்று நான் நினைப்பதில்லை. மச்சான் கடனுக்கு வட்டி பூஜ்யம், ஆனால் அது தம்பி மனைவியின் அண்ணன், தலைதீபாவளியிலிருந்து வளைகாப்பு வரை வந்து நிற்கிறவர். அதனால் முடியாது என்று சொல்லாமல், அந்த ஆசைக்கு விலை என்ன என்று ஷீட்டில் பார்த்தோம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதல் நான்கு மாதம் 3,000 வீதம் மச்சானுக்குக் கொடுத்து முடித்துவிட்டு, பிறகு வட்டி முதல் என்று போனால் மொத்த வட்டி சுமார் 41,500. அதாவது 12,000 ரூபாய்க் கைமாத்தை முதலில் திருப்பித் தருவதற்கு 8,500 ரூபாய் விலை. அதே மச்சானை, கார்டு முடிந்த கையோடு, வட்டிக்காரருக்கு முன்னால் வைத்தால் மொத்த வட்டி சுமார் 34,800. விலை 1,800 ரூபாய்தான். மச்சான் பதிமூன்றாம் மாதம் பணத்தை வாங்கிவிடுவார்.

இந்த வழக்கில் நான் கற்றுக்கொண்டது இதைத்தான். எந்த முறை என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. வட்டி முதல் வரிசையை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மனசுக்காக யாரையாவது முன்னே தள்ள ஆசைப்பட்டால், எந்த இடத்தில் தள்ளினால் என்ன விலை என்று பார்த்துத் தள்ள வேண்டும். ஒரே ஆளை முன்னே தள்ளுகிறோம், கார்டுக்கு முன்னால் என்றால் 8,500, கார்டுக்குப் பின்னால் என்றால் 1,800. தம்பி மனைவி இரண்டாவதைப் பார்த்ததும் "இது குடுக்கலாம்" என்றாள். அன்றைக்கே மச்சானுக்குப் போன் போட்டு, இன்ன மாதத்தில் தருகிறோம் என்று தேதியே சொல்லிவிட்டாள். தேதி சொன்னதிலேயே பாதிக் கூச்சம் போய்விட்டதாம்.

கார்டு வட்டியைக் குறைக்க ஏதும் வழி உண்டா என்றும் பார்த்தோம். பாக்கியைத் தவணையாக மாற்றித் தருகிறோம் என்று அடிக்கடி குறுஞ்செய்தி வரும், கேட்டபோது புதிதாக வாங்கிய பொருளுக்கு மட்டும்தான், ஏற்கெனவே வட்டியில் உருளும் பாக்கிக்குக் கிடையாது என்றார்கள். கிடைத்திருந்தால் வரிசையே மாறியிருக்கும், மூணு வட்டிக்காரர் முதலிடத்துக்கு வந்திருப்பார். இன்னும் கொஞ்சம் நகை வைத்து கார்டை ஒரேயடியாக முடிக்கலாம் என்பது என் யோசனை, நாலு வட்டியை முக்கால் வட்டியாக்குவது. தம்பி மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. அவள் அம்மா வீட்டில் ஒரு முறை நகை ஏலத்துக்குப் போயிருக்கிறது. நான் அதற்கு மேல் பேசவில்லை.

நடந்தது என்ன என்றால், திட்டம் போட்ட மாதிரி நடக்கவில்லை. முதல் இரண்டு மாத உபரியை, 6,000 ரூபாயை, எந்தக் கடனிலும் போடாமல் தனியாக வைக்கச் சொன்னேன். நாலு வட்டிக் கடன் இருக்கும்போது பணத்தைச் சும்மா வைப்பது முட்டாள்தனம் என்று தம்பி வாதாடினான். சரிதான், அதற்கு மாதம் சுமார் 250 ரூபாய் விலை. ஆனால் கார்டில் பாக்கி உருளும்போது புதிதாகத் தேய்த்தால் வட்டியில்லா நாட்கள் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். கையில் ரொக்கம் இல்லாதவன் அவசரத்துக்கு அதே கார்டைத்தான் எடுப்பான், அதோடு திட்டம் முடிந்தது. ஐந்தாம் மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல், இரண்டு நாள் ஆஸ்பத்திரி, 5,500. தனியாக வைத்ததில் கொடுத்தார்கள், கார்டு பீரோவை விட்டு வெளியே வரவில்லை. அதைத் திரும்ப நிரப்ப ஐந்தாம், ஆறாம் மாத உபரி போனது. ஆக கார்டு முடிந்தது பதினொன்றில் இல்லை, பதிமூன்றில்.

இன்னொரு ஓட்டை வாரச் சம்பளத்தில் இருந்தது. 3,000 என்பது மாதக் கடைசியில் ஒரே கட்டாக வருவதில்லை, சனிக்கிழமைக்கு 750 என்று வருகிறது, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையிலேயே கொஞ்சம் போய்விடும். இரண்டாம் மாதமே இதைக் கண்டுபிடித்தோம், ஷீட்டில் 3,000, கையில் 2,200. அதன் பிறகு சம்பளம் வந்த சனிக்கிழமை சாயங்காலமே போனிலிருந்து அந்த 750-ஐ அனுப்பிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். கார்டு வட்டி தினசரி பாக்கி மேல் கணக்காவதால் முன்கூட்டிக் கட்டினால் சில ரூபாய் குறையும், ஆனால் நோக்கம் அதுவல்ல.

நகைக்கடன் கெடு பன்னிரண்டாம் மாதம். வட்டிக்கு 3,600 தயாராக இருந்தது. பத்தாம் மாதமே போய்க் கேட்டுவிட்டு வா என்று தம்பியை அனுப்பினேன், ஏனென்றால் சில இடங்களில் இப்போதெல்லாம் வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்க விடுவதில்லை, அசலையும் கட்டி மீட்டுவிட்டுத்தான் மறுபடி வைக்கச் சொல்கிறார்கள். அங்கேயும் அப்படித்தான். ஒரே நாளுக்கு 40,000 வேண்டும். இந்த ஒரு நாள் பணத்துக்கென்றே பேங்க் வாசலில் நிற்கிற ஆட்கள் உண்டு, ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய்கூடக் கேட்பார்கள். எந்த வட்டி வரிசையிலும் இந்தத் தேதி தெரியாது, அதனால் கெடுவுள்ள கடனுக்கு ஷீட்டில் தனி நிறம் போட வேண்டும். பணம் கொடுத்தது யார் தெரியுமா? மச்சான்தான். சீட்டுப் பணம் வைத்திருந்தார், காலையில் கொடுத்து மாலையில் வாங்கிக்கொண்டார். அவருடைய 12,000 அப்போதும் பாக்கி.

பதினைந்தாம் மாதம் மச்சான் பணம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. கார்டை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் வாங்கி வைத்தாயிற்று. பாக்கியைக் கட்டிய அடுத்த மாதம் ஸ்டேட்மென்டில் 190 ரூபாய் வட்டி என்று வந்தது. ஸ்டேட்மென்ட் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அது, தப்பில்லை, ஆனால் அதைக் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் ஏறும்.

இப்போது பதினாறாம் மாதம். மூணு வட்டியில் பாக்கி 23,700. போன மாதம் முதல் முறையாக அசலில் 6,300 கொடுக்கப் போனபோது அந்த மனிதர் வாங்கவே தயங்கினார். "வட்டி ஒழுங்காத்தான கட்டற, அசலுக்கு என்ன அவசரம்?" என்றாராம். தம்பி நான் சொன்னபடி புரோநோட்டை எடுக்கச் சொல்லி, அதன் பின்பக்கம் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போனில் படமும் எடுத்துக்கொண்டு வந்தான். இந்த மாதம் வட்டி 711. கடன் வாங்கும்போது கொடுத்த கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு காசோலைகள் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. கடைசி அசலைக் கொடுக்கும் அன்று புரோநோட்டோடு அவற்றையும் வாங்காமல் வரக்கூடாது என்று தம்பி மனைவி ஷீட்டின் கடைசி வரியில் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறாள்.